சிறுகதை: ஒரு நாள் கூடப் பிறந்தவன் – வாசித்துவிட்டுச் சொல்லுங்க

லயத்து ஜன்னல்

கதை கீழே இருக்கிறது. நீளமில்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அந்த எரர் நம்பும்படி இருக்கிறதா? எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு எழுதியது. பிழை யார் பக்கம் என்று கதையில் சொல்லவில்லை. வேணுமென்றே விட்டிருக்கிறேன்.

---

விதுஷன் சப்மிட்டை அழுத்தினான். பக்கம் தானாக மேலே ஏறிப் பிறந்த திகதிப் பெட்டியில் நின்றது. பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கீழே ஒரு வரி.

`Date of birth does not match NIC number`

"திருப்பியும் அதேதான் அண்ணே."

ராஜ் அண்ணே போட்டோகொப்பி மெசினை மூடிவிட்டு வந்தார். ஹட்டன் டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறிப் போகிற கொமினிகேஷன் கடை. பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து வெளிநாட்டு வேலை விண்ணப்பம் வரை எல்லாம் அவர் கையால்தான் போகும். மாதத்தையும் நாளையும் மாற்றிப் போட்டுவிட்டானா என்று பார்த்தார். இல்லை. அடையாள அட்டை நம்பருக்குப் பின்னால் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எல்லாவற்றையும் அழித்து வேறு பிரவுசரில் முதலிலிருந்து அடித்தார். சிவப்புக் கோடு.

இதே மெசினில் அரை மணித்தியாலத்துக்கு முன்னால் கபிலனுடையது போய்விட்டது. அவனுக்குப் பச்சை டிக் வந்து, ஈமெயிலும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே உதவித்தொகை. ஏ.எல் முடியும் வரை மாசாமாசம் கிடைக்கும். இன்றைக்கு ராத்திரி பன்னிரண்டோடு படிவம் மூடும்.

"ஒன் கார்டக் குடு. கபிலன், ஒன்னோடதும்."

இரண்டையும் மேசையில் வைத்தார். கபிலனுடையது 2008009 என்று தொடங்கியது. விதுஷனுடையது 2007135.

"மொதல் நாலும் பொறந்த வருசம். அடுத்த மூணும் அந்த வருசத்துல எத்தனாவது நாள்ங்கிறது. கபிலன் ஜனவரி ஒம்பது. ஒம்பதாவது நாள். சரியா இருக்கு. நீ எப்ப?"

"மே பதினாலு."

லாச்சியிலிருந்து டயரியை எடுத்து மே பதினாலைப் பிரித்தார். பக்கத்தின் மூலையில் சின்ன எழுத்தில் 134 – 231 என்றிருந்தது.

"நூத்தி முப்பத்தி நாலாவது நாள். கார்டுல நூத்தி முப்பத்தஞ்சு."

விதுஷன் கையை மடக்கி மடக்கிக் கூட்டிப் பார்த்தான். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பது. நூற்றிருபது. அதோடு பதினாலு. டயரி சொன்னதுதான் வந்தது.

அப்பாவுக்குப் போன் எடுத்தான். சிக்னல் வந்து வந்து போனது.

"பதியப் போறப்பவே பிந்திடுச்சுடா. டவுனுக்குப் போக லீவு கெடைக்கல. அவங்க கேட்டாங்க, நான் சொன்னேன், எழுதுனாங்க. பதினாலுதான். பதினாலுன்னுதான் நெனைக்கிறேன்." கொஞ்சம் சத்தமில்லை. "அம்மாகிட்ட கேக்கவா?"

"வேணாம்ப்பா."

"கார்டுல பிழைன்னா அதப் பெரிசாக்காத. கெடச்ச கார்டு கையில இருக்கட்டும்."

கீழே கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது. ராஜ் அண்ணே மவுசைத் தன் பக்கம் இழுத்தார்.

"பதினஞ்சு போடுறேன்."

"பர்த் சேட்டிபிகேட்ல பதினாலு இருக்கே அண்ணே."

"மெசினுக்குப் பதினஞ்சுதான் வேணும். போடவா, வேணாமா?"

விதுஷன் கபிலனைப் பார்த்தான். கபிலன் ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடுங்க."

பச்சை டிக். பிரின்ட் எடுத்த தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஓடினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கபிலன் வாயைத் திறந்தான்.

"அப்ப இனி ஒன் பர்த்டேக்கு மறுநாள்தான் கேக் வெட்டணும் என்ன?"

---

ராகலை டீச்சர்

நல்லா இருக்கு தம்பி. மழை இல்லாத மலையகக் கதை ஒன்று வாசித்தேன், அதற்கே ஒரு நன்றி.

ஆனால் பிழை யார் பக்கம் என்பதை நீங்கள் விடத் தேவையில்லை, தெளிவாகத் தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகும். நானும் பல வருஷம் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். யாரோ ஒருவர் 14ஐ 15 என்று எழுதியிருப்பார். அந்தப் பிள்ளை ஆட்பதிவுத் திணைக்களத்துக்குத் திருத்த விண்ணப்பம் போடவேண்டும். கதையில் அதிபரை ஒரு இடத்தில் கொண்டுவந்தால் இன்னும் கனமாக இருக்கும்.

கோட்லேன் கோடர்

டீச்சர், அந்தப் பிள்ளையை எங்கேயும் அனுப்பாதீங்க. கார்டு சரி. பர்த் சேட்டிபிகேட்டும் சரி. அப்பாவும் சரி. பிழை படிவத்தில்.

நம் அடையாள அட்டை நம்பரில் நாள் எண்ணும்போது பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகத்தான் வைத்து எண்ணுகிறார்கள். லீப் வருஷமா இல்லையா என்று பார்ப்பதில்லை. பெப்ரவரி 28 என்றால் 059. மார்ச் 1 என்றால், எந்த வருஷமானாலும், 061. இடையில் உள்ள 060 லீப் வருஷத்தில் 29ஆம் திகதி பிறந்தவர்களுக்கு மட்டும். ஆகவே மே 14 என்றால் 31, 29, 31, 30, பிறகு 14. கூட்டினால் 135. விதுஷன் கார்டில் இருப்பது அதே 135தான்.

படிவம் எழுதியவருக்கு இது தெரியாது. சாதாரண கலண்டர் கணக்கில் போட்டிருப்பார். அனேகமாக இப்படி:

```js
new Date(2007, 0, 135)  // மே 15
new Date(2008, 0, 135)  // மே 14
```

2007 லீப் இல்லை, 135ஆவது நாள் மே 15 ஆகிவிட்டது. 2008 லீப், அதனால் அதே நம்பர் சரியாக மே 14இல் வந்து விழும். கபிலன் தப்பியதும் இதனால்தான். அவன் லீப் வருஷம், அதற்கு மேல் ஜனவரி. பெப்ரவரி முடிவதற்குள் பிறந்தவனுக்கு எந்தக் கணக்கிலும் வித்தியாசம் வராது.

நீங்கள் தெரிந்து எழுதினீங்களா தெரியாமல் எழுதினீங்களா என்று தெரியவில்லை, கதையில் ஒவ்வொரு நம்பரும் பொருந்துகிறது. டயரிகூட. அது லீப் வருஷத்து டயரியாக இருந்திருந்தால் மே 14க்கு 135 என்று போட்டிருக்கும். ராஜ் அண்ணே அங்கேயே விஷயத்தைப் பிடித்திருப்பார்.

லயத்து ஜன்னல்

நம்பர்கள் அந்தப் பையன் சொன்னது. பெயரையும் திகதியையும் மாற்றினேன், கணக்கின் வித்தியாசம் ஒரு நாள் என்பதை அப்படியே வைத்துக்கொண்டேன். காரணம் இப்போதுதான் தெரிகிறது. என் கார்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். எனக்கும் ஒன்று கூடுதல்தான்! இத்தனை வருஷம் பொக்கெட்டில் கொண்டு திரிந்திருக்கிறேன்.

ராகலை டீச்சர்

நானும் எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கூடவில்லையே?

கோட்லேன் கோடர்

நீங்கள் லீப் வருஷமா டீச்சர்? இல்லையென்றால் ஜனவரி, பெப்ரவரியா?

ராகலை டீச்சர்

1968 ஓகஸ்ட். வயசைச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

கோட்லேன் கோடர்

1968 லீப். அதுதான்.

மஸ்கெலியா மகள்

இதை வாசித்ததும் என் அம்மாவின் கார்டை எடுத்துப் பார்த்தேன். பழைய கார்டு, கடைசியில் V இருக்கும். அம்மா 1974 யூன் 2. நம்பர் 74654 என்று தொடங்குகிறது. வருஷத்தில் 654 நாளா? இதுவும் அந்த பெப்ரவரி பிழையா? அம்மாவுக்கு ஈ.பி.எஃப் எடுக்கப் போகணும், இப்போது பயமாக இருக்கிறது.

கோட்லேன் கோடர்

பயப்படாதீங்க. பெண்களுக்கு 500 கூட்டித்தான் போடுவார்கள். 654இல் 500ஐக் கழித்தால் 154. பெப்ரவரியை 29 ஆக வைத்து மே கடைசி வரை 152, அதோடு 2. யூன் 2 சரியாக வருகிறது. அம்மாவின் கார்டில் ஒரு பிழையும் இல்லை.

மஸ்கெலியா மகள்

அப்பாடா. அப்போ ஒரு ஒன்லைன் படிவத்தில் 12 நம்பர் கேட்கிறது, அம்மாவிடம் ஒன்பதும் V உம்தானே இருக்கிறது, அதுக்கு என்ன செய்ய?

கோட்லேன் கோடர்

12 இலக்கம் 2016இல் வந்தது. பழையதை மாற்றுவதென்றால் முன்னால் 19, நாள் நம்பருக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். 74654 என்பது 1974654 ஆகும், பிறகு 0, பிறகு மிச்ச நான்கு இலக்கம். ஆனால் படிவம் பழையதை அப்படியே ஏற்றால் கார்டில் உள்ளபடியே அடிப்பது நல்லது. யாராவது கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்போது கேள்வி வராது. மிச்சத்துக்கு வேறு இழை தொடங்குங்க, கதையை விட்டுப் போகிறோம்.

சிவப்புப் பேனை

கதைக்கே வருகிறேன். எனக்கு ஒரு சந்தேகம், கோடர் பதில் சொல்லட்டும்.

நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் லீப் இல்லாத வருஷத்தில் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை பிறந்த எல்லாருக்கும் இந்த எரர் வரும். 365 நாளில் 306 நாள். ஏ.எல் வகுப்பில் பெரும்பாலும் 2007 பெப்ரவரியிலிருந்து 2008 ஜனவரி வரை பிறந்தவர்கள்தான் இருப்பார்கள். அப்படியென்றால் 2007 பெப்ரவரிக்காரர்களும் 2008 ஜனவரிக்காரர்களும் மட்டும்தான் தப்புவார்கள். வகுப்பில் முக்கால்வாசிக்கும் மேல் மாட்டும். முதல் நாளே போன் மணி ஓயாது. கடைசி நாள் ராத்திரி வரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதை நான் எப்படி நம்புவது? கதை அங்கே ஓட்டை.

கோட்லேன் கோடர்

கேள்வி நியாயம். படிவத்தைச் செய்தவர் தன் நம்பரை வைத்துச் சோதித்திருப்பார். அவர் 1996இலோ 2000த்திலோ பிறந்தவரென்றால் எல்லாம் பச்சையாகத்தான் வந்திருக்கும். படிவம் பிழையோடு வெளியே வந்ததை நான் நம்புவேன். ஆனால் வெளியே வந்த பிறகும் எத்தனையோ நாள் ஒருவரும் சொல்லவில்லை என்பது எனக்கும் இடறுகிறது.

பஸ்ஸ்டாண்ட் பிரின்ட்

எனக்கு இடறவில்லை. நான் ராஜ் அண்ணேயின் தொழில்தான் செய்கிறேன், ஊர் வேறு. யார் சொல்வார்கள் என்று நினைக்கிறீங்க? என்னிடம் வருகிற பிள்ளைக்கு எரர் வந்தால் நான் ஒரு நாளைக் கூட்டிப் போட்டு அனுப்பிவிடுவேன். பக்கத்து டவுன் கடைக்காரனும் அதைத்தான் செய்வான். எல்லாப் படிவமும் போய்ச் சேரும். அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எண்ணிக்கை சரியாக வந்துகொண்டே இருக்கும், பிழை இருப்பதே தெரியாது. வரிசையில் ஆட்கள் நிற்கும்போது ஒரு அலுவலகத்துக்குப் போன் எடுத்து "தொடர்பில் இருங்கள்" பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. வருகிறவர்களுக்கும் பஸ் போய்விடும்.

ராஜ் அண்ணே செய்தது சரி. நான் அவர் இடத்தில் இருந்தால் எரரைப் படித்துப் பார்த்திருக்கவும் மாட்டேன்.

சிவப்புப் பேனை

அப்படியென்றால் ஓட்டை அடைபட்டது. அந்தப் பதிலை ராஜ் அண்ணே வாயில் ஒரு வரியாக வைத்தால் போதும். "காலையில இருந்து இது நாலாவது" என்கிற மாதிரி.

ராகலை டீச்சர்

பஸ்ஸ்டாண்ட் தம்பி, நீங்கள் அனுப்பிய பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்ததுண்டா? நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். படிவத்தின் பிரதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைப்பார்கள். படிவத்தில் 15. சான்றிதழில் 14. அட்டையிலும் திகதி அச்சிட்டுத்தானே இருக்கிறது, அதுவும் 14. "மேலே தந்த விபரங்கள் உண்மை" என்ற இடத்தில் பிள்ளை டிக் போட்டிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வேறொரு விண்ணப்பத்தில் முதலெழுத்து மாறிப்போனதற்கே கடிதம், அதிபர் உறுதி, தோட்டத்துத் துரையின் கையெழுத்து என்று அலைந்தது.

பஸ்ஸ்டாண்ட் பிரின்ட்

அலையலாம் டீச்சர். படிவம் போனால்தானே அலைய முடியும். பன்னிரண்டு மணிக்கு மூடிவிட்டால் அலையவும் வழியில்லை.

கோட்லேன் கோடர்

நடுவில் ஒரு வழி இருக்கிறது. 14ஐப் போட்டு எரர் வந்த திரையை அப்படியே ஸ்கிரீன்ஷொட் எடுக்கணும், மூலையில் நேரமும் திகதியும் தெரியணும். அதை அட்டையின் இரண்டு பக்கம், சான்றிதழ், நிரப்பிய விபரங்கள் எல்லாவற்றோடும் சேர்த்து அன்றைக்கே, பன்னிரண்டுக்கு முன்னால், அவர்கள் கொடுத்திருக்கிற ஈமெயிலுக்கு அனுப்பணும். ஒரு வரி போதும்: அடையாள அட்டை நம்பரில் பெப்ரவரி எப்போதும் 29 நாள், உங்கள் படிவம் 28 ஆக எண்ணுகிறது. செய்தவர் அதைப் பார்த்தால் திருத்துவது சின்ன வேலை. எந்த வருஷமானாலும் ஒரு லீப் வருஷத்தை வைத்து மாதத்தையும் நாளையும் எடுத்தால் போதும்:

```js
if (day > 500) day -= 500;
const d = new Date(2000, 0, day);
```

வருஷத்தை நம்பரின் முதல் நான்கிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஈமெயில் போட்டதற்காக விண்ணப்பத்தை ஏற்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை பொய்த் திகதி எழுதவில்லை, நேரத்துக்குள் முயன்றது என்பதற்கு ஒரு தாள் இருக்கும்.

பஸ்ஸ்டாண்ட் பிரின்ட்

என் கடையில் இரண்டையும் செய்வேன் இனி. 15ஐப் போட்டு அனுப்பிவிட்டு, ஏன் 15 போட்டோம் என்று ஈமெயிலும் போடுவேன்.

ராகலை டீச்சர்

அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் வெறுமனே 15 போடுவதைவிடப் பரவாயில்லை.

டயகம அண்ணா

எல்லாரும் கணக்கில் நிற்கிறீங்க. கதையில் என்னைப் பிடித்தது அப்பா பேசுகிற இடம். பேப்பர் என்றால் நம் ஆட்களுக்கு இருக்கிற பயம் சும்மா வந்ததில்லை. 1948இல் பிரஜாவுரிமை பறித்தார்கள், கடைசியாக மிஞ்சியவர்களுக்குக் கிடைத்தது 2003 சட்டத்தோடு. என் தாத்தா சாகும்வரை ஒரு தகரப் பெட்டியில் துண்டுக் காகிதங்களை வைத்திருந்தார், மளிகைக் கடைச் சீட்டு உட்பட. "கெடச்ச கார்டு கையில இருக்கட்டும்" என்கிறவர் அவருடைய பிள்ளைதான். மெசின் ஒரு நாள் பிழை என்று சொன்னவுடன் மெசினைச் சந்தேகப்படாமல் தன் நினைவைச் சந்தேகப்படுகிறாரே.

அதனால் ஜன்னல், காரணத்தைக் கதைக்குள் கொண்டுவராதீங்க. ராஜ் அண்ணே பெப்ரவரி 29 என்று விளக்க ஆரம்பித்தால் அப்பாவின் அந்தப் பேச்சு ஒன்றுமில்லாமல் போகும்.

சிவப்புப் பேனை

எதிர்மாறாகச் சொல்கிறேன். வாசகனுக்குக் காரணம் தெரிந்து, விதுஷனுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அப்பாவின் பேச்சு வலிக்கும். இப்போது உள்ளபடி வாசிக்கிறவர்கள் டீச்சரைப் போல அட்டையில்தான் பிழை என்று முடிவு கட்டிவிட்டுப் போவார்கள்.

கோட்லேன் கோடர்

கபிலனையும் விதுஷனையும் தவிர மூன்றாவதாக ஒரு பையனைக் கொண்டுவரலாமே. அவனும் 2007, அவனுக்கும் ஒரு நாள் கூட. இரண்டு பேரின் அட்டையிலும் ஒரே அளவு பிழை எப்படி வரும் என்று ராஜ் அண்ணே ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி. நிஜத்தில் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். ஒரு கார்டில் வித்தியாசம் இருந்தால் கார்டைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது கார்டிலும் அதே ஒரு நாள் என்றால் எண்ணுகிறவனைச் சந்தேகிக்கணும்.

லயத்து ஜன்னல்

மூன்றாவது பையன் வேண்டாம் என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. ஆனால் ராஜ் அண்ணேயின் சொந்தக் கார்டு அவர் பொக்கெட்டிலேயே இருக்கிறதே. அவர் அதை எடுத்து எண்ணத் தொடங்கும்போது பஸ் ஹோர்ன் அடித்தால்? எண்ணி முடிக்கமாட்டார். பதினைந்தைப் போட்டுவிடுவார்.

டயகம அண்ணாவுக்கு அது ஒத்துவருமா?

டயகம அண்ணா

ராஜ் அண்ணே எந்த மாதத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்தது.

பஸ்ஸ்டாண்ட் பிரின்ட்

நவம்பர் போடுங்க. எண்ண நேரமெடுக்கும்.